டீக்கடை ஃப்ரான்சைஸ்: கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை எப்படிப் படிப்பது

போன வருடம் என் அக்கா மகன் பட்டுக்கோட்டையிலிருந்து முப்பத்திரண்டு பக்க ஒப்பந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு தஞ்சாவூருக்கு வந்தான். ஒரு டீக்கடை நிறுவனத்தின் கிளையை எடுக்கப் போகிறான். "மாமா, எல்லாம் ஸ்டாண்டர்ட் அக்ரிமென்ட்தானாம். நாளைக்குக் கையெழுத்து. சும்மா ஒரு தடவை பார்த்துக் கொடுங்க" என்றான். நான் 2018 முதல் 2023 வரை வேறொரு நிறுவனத்தின் பெயரில் கடை நடத்தி வெளியே வந்தவன். அவன் நீட்டியதை முதல் பக்கத்திலிருந்து படிக்கவில்லை. கடைசியில் இருந்த 'முடிவுக்குக் கொண்டுவருதல்' பகுதியைத் திறந்துதான் ஆரம்பித்தேன். அன்று இரவு நாங்கள் இரண்டு பேரும் போட்ட கணக்கையும், நான் வெளியே வந்தபோது பட்டதையும் வைத்து, புதிதாகக் கடை எடுப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் ஃப்ரான்சைஸ் தொழிலுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. அமெரிக்காவில் கடை எடுப்பவரிடம் பணமோ கையெழுத்தோ வாங்குவதற்குக் குறைந்தது 14 நாள் முன்னால், 23 தலைப்புகளில் விவர ஆவணம் கொடுத்தாக வேண்டும். எத்தனை கிளைகள் மூடப்பட்டன என்பதும் அதில் இருக்கும். இங்கே அப்படிக் கேட்கும் சட்டம் இல்லாததால், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் நீங்கள் கையெழுத்திடும் தாளும்தான் உங்களுக்குக் காவல். தாளில் இல்லாத வாக்குறுதியை நம்பி இறங்காதீர்கள். ஏரியா மேனேஜர் போனில் சொன்னது எதுவானாலும், "நீங்கள் சொன்னபடி" என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அதற்குப் பதில் வாங்கி வையுங்கள்.

படி 1: பெயர் அவர்களுடையதுதானா என்று பாருங்கள்

நீங்கள் காசு கொடுத்து வாங்குவது பெயரை. அந்தப் பெயருக்கு வணிக முத்திரைப் பதிவு இருக்கிறதா என்று ipindia.gov.in தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். டீக்கடை, உணவகச் சேவை 43ஆம் வகுப்பில் வரும். பாக்கெட் டீத்தூள் 30ஆம் வகுப்பு. நிலை என்ற இடத்தில் Registered என்று இருந்தால் சரி. Objected அல்லது Opposed என்று இருந்தால் அந்தப் பெயர் இன்னும் அவர்களுக்கு உறுதியாகவில்லை. போர்டில் பெயருக்குப் பக்கத்தில் ™ என்று இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அதை யாரும் போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் இருக்கும் ® குறியைத்தான் பதிவு முடிந்த பிறகு மட்டும் போட முடியும்.

பதிவு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். உங்களோடு கையெழுத்திடுவது ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகவும், முத்திரை அதன் நிறுவனருடைய சொந்தப் பெயரிலும் இருக்கலாம். அப்படியானால் அந்தக் கம்பெனிக்குப் பெயரைப் பிறருக்குக் கொடுக்க உரிமை உண்டு என்பதற்கான தாளைக் கேளுங்கள். நாளைக்குப் பங்குதாரர்களுக்குள் சண்டை வந்தால் முதலில் இறங்குவது உங்கள் கடை போர்டுதான்.

படி 2: கம்பெனிக்குப் போகும் பணம் முழுவதையும் ஒரே இடத்தில் எழுதுங்கள்

மருமகனின் ஒப்பந்தத்தில் இருந்தவை இவை. ஐந்து வருடத்துக்கு ஃப்ரான்சைஸ் கட்டணம் 3 லட்சம், திரும்பி வராது. டெபாசிட் 1 லட்சம், திரும்பி வரும். கம்பெனி சொல்லும் ஆளிடமே உள்வேலையும் பாத்திர சாமானும் பில்லிங் மெஷினும் வாங்க வேண்டும், அதற்கு 9 லட்சம். ராயல்டி விற்பனையில் 5 சதவீதம். விளம்பரத்துக்கு 1 சதவீதம். டீத்தூளும் கப்பும் கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும்.

அவன் மனதில் நின்றது "ராயல்டி அஞ்சு பர்சென்ட்" என்பது மட்டும்தான். அதனால் ஒரு தாளை எடுத்து, மாதம் 2,70,000 ரூபாய் விற்பனை என்று வைத்துக் கணக்குப் போட்டோம். நாளொன்றுக்கு 9,000 ரூபாய், அதாவது சுமார் 400 டீ, காபி, அதோடு பலகாரம். பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் நல்ல இடம் என்றால் இது நடக்கக்கூடியதுதான்.

ராயல்டி 13,500. விளம்பரம் 2,700. இரண்டும் சேர்த்து 16,200. இதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 2,916 ரூபாய். ஆக 19,116.

இந்த ஜிஎஸ்டியில் புதிதாக வருபவர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். "கட்டும் ஜிஎஸ்டியை நீங்க திரும்ப எடுத்துக்கலாம் சார்" என்று கம்பெனி ஆள் சொல்வார். துணிக்கடைக்கு அது சரி. சாதாரண டீக்கடையும் ஹோட்டலும் 5 சதவீத ஜிஎஸ்டி வகையில் வரும், அந்த வகையில் உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க முடியாது. சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் முறையில் போனாலும் அதே கதைதான். ஆகவே கம்பெனியின் பில்லில் உள்ள 18 சதவீதம் முழுவதும் உங்கள் செலவு. ஒப்பந்தத்தில் கட்டணம், ராயல்டி போன்ற எந்தத் தொகைக்குப் பக்கத்திலும் "வரி தனி" என்று இருந்தால், அந்தத் தொகையை 1.18ஆல் பெருக்கி எழுதிக்கொள்ளுங்கள். அவனுடைய 3 லட்சம் உண்மையில் 3,54,000. அறுபது மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 5,900.

அடுத்தது டீத்தூள். கம்பெனி விலை கிலோ 620. அதே தரத்துத் தூளை நான் குன்னூர்ச் சரக்கு விற்பவரிடம் 480க்கு வாங்கிக்கொண்டிருந்தேன். நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ, மாதம் 45 கிலோ. கிலோவுக்கு 140 வீதம் 6,300 ரூபாய் கூடுதலாகப் போகிறது. ஒப்பந்தத்தில் இதற்கு ராயல்டி என்ற பெயர் இல்லை, ஆனால் வேலை அதுதான்.

மூன்றையும் கூட்டினால் மாதம் 31,316. விற்பனையில் கிட்டத்தட்ட 11.6 சதவீதம். ஐந்து என்று நினைத்துக்கொண்டு வந்தவன் இந்த எண்ணைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ராயல்டியே கிடையாது" என்று விளம்பரம் செய்யும் கம்பெனிகளிடமும் இதே கணக்கைப் போடுங்கள். அவர்கள் நடத்துவது தர்ம சத்திரம் அல்ல, வருமானம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். பெரும்பாலும் தூள், மசாலா, கப், பிரீமிக்ஸ் விலையில் அது இருக்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. விலைப் பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள், வருடத்துக்கு இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதில்லை என்று ஒரு வரியும் எழுதச் சொல்லுங்கள். பட்டியல் இணைக்காத ஒப்பந்தத்தில் ராயல்டி விகிதம் என்ன எழுதியிருந்தாலும், நீங்கள் கட்டப்போவது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது.

கடைக் கணக்கையும் முடித்துவிடுகிறேன். மூலப்பொருள் 1,13,400. டீ மாஸ்டர், உதவியாள், கல்லாவில் ஒருவர், மூவருக்கும் சேர்த்து 49,000. வாடகை 25,000. கேஸும் கரண்டும் 18,000. ராயல்டி வகையில் 19,116. சில்லறைச் செலவு 6,000. கையில் நிற்பது 39,484. இதிலிருந்து கட்டணத்தையும் உள்வேலையையும் ஐந்து வருடத்தில் எடுக்க மாதம் 20,900 ஒதுக்க வேண்டும். மீதி 18,584 ரூபாய்தான் காலை ஐந்து மணிக்குக் கடை திறப்பவனின் சம்பளம். கடன் வாங்கித் தொடங்கினால் வட்டியும் இதிலிருந்துதான் போகும்.

படி 3: ராயல்டி எதன் மேல் என்று வார்த்தை வார்த்தையாகப் பாருங்கள்

விகிதத்துக்கு அடுத்த வரியில்தான் விஷயம் இருக்கிறது. "மொத்த விற்பனை" என்று இருந்தால் அதற்கு என்ன விளக்கம் கொடுத்திருக்கிறார்கள்? வாடிக்கையாளரிடம் வாங்கும் ஜிஎஸ்டியையும் சேர்த்தா, நீக்கியா? தள்ளுபடிக்கு முன்னா, பின்னா? ஆன்லைன் ஆர்டருக்கு எந்தத் தொகை?

ஆன்லைன் ஆர்டரை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். 200 ரூபாய் பில். கடை தரும் தள்ளுபடி 40. டெலிவரி ஆப் பிடிப்பது 40. உங்கள் கைக்கு வருவது 120. ராயல்டியும் விளம்பரமும் 200 ரூபாய் மேல் என்றால் 12 ரூபாய், ஜிஎஸ்டியோடு 14 ரூபாய் 16 காசு. வந்த 120இல் அது 11.8 சதவீதம். ஆன்லைன் விற்பனை கூடக் கூட நஷ்டமும் கூடும் கடைகள் இருக்கின்றன, காரணம் இந்த ஒரு வரி. "தள்ளுபடி, ஜிஎஸ்டி, டெலிவரி நிறுவனத்தின் கமிஷன் ஆகியவை நீங்கலாக" என்ற சொற்களைச் சேர்க்கக் கேளுங்கள். மூன்றும் கிடைக்காவிட்டாலும் முதல் இரண்டை அநேகமாகத் தருவார்கள்.

அப்புறம் குறைந்தபட்ச ராயல்டி. "5 சதவீதம் அல்லது 10,000 ரூபாய், எது அதிகமோ அது" என்று எழுதியிருப்பார்கள். கல்லூரி வாசலில் கடை வைத்திருப்பவருக்கு மே மாதம் விற்பனை ஒன்றரை லட்சமாக விழும், 5 சதவீதம் 7,500தான் வரும், ஆனாலும் 10,000 கட்ட வேண்டும். அதைத் தாங்கிக்கொள்ளலாம். கடையே மூடிக் கிடக்கும்போது என்ன ஆகும் என்பதுதான் பெரிய கேள்வி. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தபோது என் ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வரியும் இல்லை. ஏப்ரல், மே இரண்டு மாதமும் கடை ஷட்டர் ஏறவில்லை. குறைந்தபட்ச ராயல்டி பில் மட்டும் தவறாமல் வந்தது, 20,000 ரூபாயும் வரியும். "பிறகு பேசிக்கொள்ளலாம்" என்றார் மேனேஜர். நானும் விட்டுவிட்டேன். அந்த 23,600 ரூபாயை அவர்கள் மூன்று வருடம் கழித்து என் டெபாசிட்டில் பிடித்தார்கள்.

ஆகவே இரண்டு வரி எழுதி வாங்குங்கள். அரசு உத்தரவு, வெள்ளம், சாலைப் பணி போன்று உங்கள் கையில் இல்லாத காரணத்தால் கடை தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் மூடியிருந்தால் அந்த நாட்களுக்குக் குறைந்தபட்ச ராயல்டி இல்லை என்பது ஒன்று. முதல் ஆறு மாதத்துக்குக் குறைந்தபட்சம் பொருந்தாது என்பது இரண்டாவது. புதுக் கடைக்கு வாடிக்கை பிடிக்க அவ்வளவு காலம் ஆகும்.

விளம்பரப் பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. உங்கள் ஊரில் எவ்வளவு செலவழிப்பார்கள் என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் வராது, அதையும் ராயல்டியோடு கூட்டிவிடுங்கள்.

படி 4: பயிற்சியை நாள், ஆள், செலவு என்று எழுதி வாங்குங்கள்

"நிறுவனம் தேவையான பயிற்சியும் ஆதரவும் வழங்கும்." எல்லா ஒப்பந்தத்திலும் இந்த வாக்கியம் இருக்கும். இதை வைத்து நாளைக்கு எதையும் கேட்க முடியாது. 'தேவையான' என்பதை முடிவு செய்வது அவர்கள்தான்.

நல்ல ஒப்பந்தத்தில் இப்படி இருக்க வேண்டும்: கடை திறப்பதற்கு முன் இத்தனை பேருக்கு, இத்தனை நாள், இந்த ஊரில் பயிற்சி. பயிற்சிக் கட்டணம் ஃப்ரான்சைஸ் கட்டணத்தில் அடக்கம். போக்குவரத்து, தங்குமிடம், பயிற்சி நாட்களுக்கான கூலி யார் தருவது என்பது தனியாக. மூன்று பேரைப் பத்து நாள் கோயம்புத்தூருக்கு அனுப்பினால் அறை, சாப்பாடு, கூலி எல்லாம் சேர்ந்து எளிதாக முப்பதாயிரம் தாண்டும். என் முதலீட்டுக் கணக்கில் அது இல்லவே இல்லை. திறப்பு விழா அன்று புகைப்படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாமல், கம்பெனி ஆள் ஒருவர் கடையில் குறைந்தது ஏழு நாள் நிற்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். பால் கொதிநிலை, டிக்காஷன் அளவு, காலைக் கூட்ட நேரத்தில் யார் எங்கே நிற்பது, இதெல்லாம் பயிற்சிக் கூடத்தில் வராது, சொந்தக் கடையில்தான் பழகும்.

உண்மையான சிக்கல் மூன்றாவது மாதத்தில் வரும். பயிற்சி எடுத்த டீ மாஸ்டர் ஐந்நூறு ரூபாய் அதிகம் கிடைக்கும் இடத்துக்குப் போய்விடுவார். இது எல்லாக் கடையிலும் நடப்பது. புதிய ஆளுக்குப் பயிற்சி இலவசமா, கட்டணமா? கேட்ட எத்தனை நாளுக்குள் தருவார்கள்? இரண்டும் எழுத்தில் இல்லையென்றால், பயிற்சி இல்லாத ஆளை வைத்துக் கடை நடத்தியதாகத் தணிக்கையில் உங்கள் மேலேயே குறை எழுதுவார்கள். எனக்கு அப்படி ஒரு கடிதம் வந்தது. பயிற்சி கேட்டு நான் போனில் மட்டும் பேசியிருந்ததால் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அதன் பிறகு எது கேட்டாலும் மின்னஞ்சலில் கேட்டேன். வருடத்துக்கு இரண்டு புதிய ஆட்களுக்குக் கட்டணமில்லாப் பயிற்சி, கேட்ட 21 நாளுக்குள் என்று மருமகனின் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொன்னோம். சேர்த்தார்கள்.

கடமை உங்கள் பக்கமும் உண்டு. 'செயல்முறைக் கையேடு' என்று ஒன்று இருக்கும். அதை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், மாற்றியபடி நீங்கள் நடக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லும். கையெழுத்துக்கு முன் அந்தக் கையேட்டைப் பார்க்கக் கேளுங்கள். மாற்றத்தால் உங்களுக்குப் புதிய மெஷின், புதிய போர்டு என்று செலவு வந்தால், வருடத்துக்கு இவ்வளவு தொகைக்கு மேல் கட்டாயமில்லை என்று ஒரு வரம்பு வையுங்கள்.

படி 5: புதுப்பிப்பு என்ற சொல்லை நம்பிவிடாதீர்கள்

"ஐந்து வருடம், புதுப்பிக்கத்தக்கது" என்று முதல் பக்கத்தில் இருக்கும். புதுப்பித்துத் தருவோம் என்று அதற்கு அர்த்தமில்லை. நிபந்தனைகள் பின்னால் இருக்கும், வழக்கமாக நான்கு. ஒன்று, காலம் முடிவதற்கு ஆறு மாதம் முன்னால், மூன்று மாதத்துக்குப் பிந்தாமல் எழுத்தில் கேட்க வேண்டும். அந்த இடைவெளியைத் தவறவிட்டால் உரிமை போயிற்று. கையெழுத்திட்ட அன்றே அந்தத் தேதியைச் சுவர்க் காலண்டரில் இல்லாமல், ஐந்து வருடம் தாங்கும் ஏதாவது ஒன்றில் குறித்துவையுங்கள். இரண்டு, பாக்கி எதுவும் இருக்கக் கூடாது. மூன்று, கடையை அப்போதைய வடிவத்துக்கு மாற்ற வேண்டும். நான்கு, "அப்போது நடைமுறையில் உள்ள ஒப்பந்தத்தில்" கையெழுத்திட வேண்டும்.

நான்காவதுதான் கனமானது. பழைய ஒப்பந்தம் அப்படியே நீளாது. எனக்கு 2018இல் ராயல்டி 4 சதவீதம். 2023இல் நீட்டிய புதிய தாளில் 6 சதவீதம், கடையைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் வேறு கிளை கிடையாது என்ற பாதுகாப்பு அரைக் கிலோமீட்டராகச் சுருங்கியிருந்தது. புதுப்பிப்புக் கட்டணம் ஒன்றரை லட்சம், வரியோடு 1,77,000. உள்வேலை மாற்றம் 4 லட்சம். ஐந்து வருடம் என் உழைப்பில் பிடித்த வாடிக்கைக்கு நானே மறுபடி விலை கொடுப்பது போல இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்து வேண்டாம் என்றேன்.

இதை முதல் கையெழுத்திலேயே ஓரளவு கட்டிப்போடலாம். புதுப்பிக்கும்போது ராயல்டி ஒரு சதவீதத்துக்கு மேல் கூடாது, எல்லைப் பாதுகாப்பு குறையாது, புதுப்பிப்புக் கட்டணம் முதல் கட்டணத்தில் பாதியைத் தாண்டாது என்று கேளுங்கள். உங்களை உள்ளே இழுக்க ஆசைப்படும் நேரத்தில்தான் கம்பெனி இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ளும். ஐந்து வருடம் கழித்து உங்கள் கடையின் எல்லா முதலீடும் உள்ளே இருக்கும்போது கேட்டால் கிடைக்காது.

இதோடு சேர்த்துக் கடை வாடகை ஒப்பந்தத்தையும் பாருங்கள். நம் ஊரில் பதினோரு மாத ஒப்பந்தம் போடுவது வழக்கம். கம்பெனியோடு ஐந்து வருடம், கட்டட உரிமையாளரோடு பதினோரு மாதம் என்றால், இரண்டாம் வருடம் அவர் காலி செய்யச் சொன்னால் உங்கள் 9 லட்ச உள்வேலை அந்தச் சுவரோடு போகும். கம்பெனிக்கோ நீங்கள் ஒப்பந்தத்தை மீறியவர். வாடகையையும் ஐந்து வருடத்துக்குப் பதிவு செய்யுங்கள். அது முடியாத இடத்தில், இடம் பறிபோனால் புதிய கட்டணமின்றி அதே ஊரில் வேறு இடத்துக்கு மாறலாம் என்று ஃப்ரான்சைஸ் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

படி 6: வெளியேறும் வழிகள்

நடுவில் கடையை விட வேண்டி வந்தால் பார்க்க வேண்டியது 'லாக்-இன்' காலம். மருமகனுக்கு மூன்று வருடம். அதற்குள் விட்டால் மிச்ச மாதங்களுக்கான குறைந்தபட்ச ராயல்டி முழுவதையும் கட்ட வேண்டும் என்று இருந்தது. ஒரு வருடத்தில் விட்டால் 24 மாதம், 2,40,000 ரூபாய். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, அபராதம் என்று எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடாது. அந்தத் தொகைக்கு உட்பட்டு நியாயமான இழப்பீடுதான். ஆனால் அதை நிரூபிக்க நீதிமன்றமோ நடுவர் தீர்ப்பாயமோ போக வேண்டும், ஒப்பந்தத்தில் அந்த இடம் பெங்களூர் என்று இருந்தால் ஒவ்வொரு தவணைக்கும் பட்டுக்கோட்டையிலிருந்து ரயிலேற வேண்டும். அதைவிட, லாக்-இன்னை ஒரு வருடமாகவும், அதன் பின் மூன்று மாத முன்னறிவிப்பாகவும் குறைக்கக் கேட்பது சுலபம். அவனுக்கு ஒன்றரை வருடத்துக்கு இறங்கி வந்தார்கள்.

விடுவதைவிடக் கடையை இன்னொருவருக்கு விற்பது நல்லது. அதற்குக் கம்பெனியின் சம்மதம் வேண்டும். "நியாயமான காரணமின்றி மறுக்கக் கூடாது, 30 நாளுக்குள் பதில் இல்லையென்றால் சம்மதமாகக் கொள்ளப்படும்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றுக் கட்டணம் எவ்வளவு என்பதும் எண்ணில் இருக்க வேண்டும்.

கம்பெனி உங்களை நிறுத்துவது மூன்றாவது வழி. பாக்கி, தரக் குறைபாடு, வெளிச்சரக்கு வாங்கியது போன்றவை காரணமாக இருக்கும். எந்தக் குறையானாலும் எழுத்தில் சொல்லி, சரிசெய்ய 30 நாள் தர வேண்டும் என்று கேளுங்கள். "நிறுவனத்தின் கருத்தில்" என்ற சொற்கள் இருந்தால் அவற்றை அடித்துவிடச் சொல்லுங்கள்.

முடிந்த பிறகு அதே தொழில் செய்யக் கூடாது என்று ஒரு தடை இருக்கும். எனக்கு இரண்டு வருடம், ஐந்து கிலோமீட்டர். ஒப்பந்தம் நடக்கும்போது போட்டிக் கடை வைக்கக் கூடாது என்ற தடை செல்லும். குஜராத் பாட்லிங், கோகோ கோலா வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றிருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஒருவரைத் தன் தொழிலைச் செய்யவிடாமல் தடுப்பதை ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு பொதுவாக அனுமதிப்பதில்லை. நான் அதே இடத்தில் சொந்தப் பெயரில் டீக்கடை தொடங்கியபோது நோட்டீஸ் வந்தது. வக்கீல் இந்தப் பிரிவைச் சொல்லிப் பதில் அனுப்பினார், அதோடு நின்றது. அதற்குக் காரணம், அவர்கள் பெயரையோ நிறத்தையோ கப்பையோ மசாலாக் கலவையையோ நான் எதிலும் தொடவில்லை. அவற்றில் ஒன்றைத் தொட்டிருந்தால் கதை வேறு. பெயரும் ரகசியக் கலவையும் முடிந்த பின்னும் அவர்களுடையதுதான்.

பெயரை இறக்குவதில் வெளிப் போர்டு மட்டும் போதாது. மெனு பலகை, பில்லில் அச்சாகும் பெயர், சீருடை, கூகுள் மேப்பில் உள்ள பெயர், டெலிவரி ஆப் கணக்கு, உணவுப் பாதுகாப்பு உரிமத்தில் கடைப் பெயர், எல்லாம் மாற வேண்டும். ஒவ்வொன்றையும் மாற்றி, தேதி தெரியும்படி படம் எடுத்து அனுப்பினேன். கூகுள் மேப் கணக்கு ஆரம்பத்திலேயே யார் பெயரில் தொடங்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். அதில் உள்ள பாராட்டுகள் உங்கள் கடைக்கு வந்தவை, ஆனால் கணக்கு அவர்களுடையது என்றால் அவர்களோடு போய்விடும்.

டெபாசிட் கடைசி. என் ஒரு லட்சத்தில் 23,600 ஊரடங்கு ராயல்டி, மீதியில் 'போர்டு சேதம்' என்று 15,400. பாக்கி 61,000 ரூபாய் ஏழு மாதம் கழித்து வந்தது. ஒப்பந்தத்தில் "கணக்கு முடித்த பின் திருப்பித் தரப்படும்" என்று மட்டும் இருந்தது, கணக்கை எப்போது முடிப்பது என்று இல்லை. மருமகனுக்கு, "முடிந்த 45 நாளுக்குள், பிடித்தங்களுக்கு ரசீதோடு, தாமதமானால் மாதம் ஒரு சதவீத வட்டியோடு" என்று எழுதி வாங்கினோம்.

காசோலை விஷயத்தை விட்டுவிடக் கூடாது. பாதுகாப்புக்கு என்று கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைகள் இரண்டு மூன்று கேட்பார்கள். கொடுக்காமல் இருக்கப் பாருங்கள். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையில் தொகையை நிரப்ப வைத்திருப்பவருக்குச் சட்டம் இடம் தருகிறது. அது வங்கியில் திரும்பினால், பாதுகாப்புக்குக் கொடுத்தது என்று சொன்னால் மட்டும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் வரும் காசோலை வழக்கிலிருந்து தப்ப முடியாது. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் தொகையை நிரப்பிக் கொடுங்கள், எண்களை ஒப்பந்தத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள், எதற்காக என்றும் எழுதுங்கள். வெளியேறும் அன்று அந்தக் காசோலைகளை எண் பார்த்துத் திரும்ப வாங்கி, "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று கம்பெனி லெட்டர்பேடில் முத்திரையோடு ஒரு கடிதமும் வாங்கிய பிறகுதான் சாவியைக் கொடுங்கள்.